நான்கும் சேர்ந்தால்தான் டெட்லாக்: ஒரு மாணவரின் விடை எவ்வளவு தூரம் சரி?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் டெட்லாக் பகுதியைப் படித்து முடித்த மாணவர் ஒருவர், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன் சொந்தச் சொற்களில் இப்படி எழுதுகிறார்:

"டெட்லாக் வர நான்கு கண்டிஷன்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்க வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் டெட்லாக் வராது. நான்கும் இருந்துவிட்டால் டெட்லாக் வந்துவிடும்."

மூன்று வாக்கியங்களும் ஒரே விஷயத்தைச் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் முதல் இரண்டும்தான் ஒன்று. மூன்றாவது தனிக் கூற்று, அதற்குத் தனி நிரூபணம் வேண்டும். பல நோட்ஸ்களில் இந்த மூன்றாவது வாக்கியம் சத்தமில்லாமல் சேர்ந்துவிடுகிறது. அதனால் விடையை வாக்கியம் வாக்கியமாகச் சோதிக்க வேண்டும்.

## எந்த நான்கு?

காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர் 1971-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த நான்கும் சேர்த்துச் சொல்லப்பட்டன. காஃப்மன் நிபந்தனைகள் என்ற பெயர் அதனால் வந்தது.

1. மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன்: ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ் மட்டுமே பயன்படுத்த முடியும்.
2. ஹோல்ட் அண்ட் வெயிட்: ஒரு வளத்தைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்காகக் காத்திருப்பது.
3. நோ ப்ரீஎம்ப்ஷன்: வைத்திருப்பவர் தானாகவே விட்டால்தான் உண்டு, அவரிடமிருந்து வளத்தைப் பிடுங்க முடியாது.
4. சர்குலர் வெயிட்: முதல் ப்ராசஸ் இரண்டாவதிடம் இருப்பதற்காகவும், இரண்டாவது மூன்றாவதிடம் இருப்பதற்காகவும் காத்திருந்து, கடைசி ப்ராசஸ் மறுபடி முதலாவதிடம் இருப்பதற்காகக் காத்திருப்பது.

டெட்லாக் என்றால் என்ன என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு ப்ராசஸ் கூட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது, அந்த நிகழ்வை அதே கூட்டத்தில் உள்ள, காத்துக்கொண்டிருக்கும் இன்னொன்றுதான் உண்டாக்க முடியும். இதுதான் டெட்லாக். நான்கு நிபந்தனைகள் இந்த நிலைக்கான வரையறை இல்லை, இந்த நிலையில் கட்டாயம் காணப்படும் அடையாளங்கள். இந்த வேறுபாடு கீழே திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

## முதல் இரண்டு வாக்கியங்கள்: ஒன்று குறைந்தால் ஏன் வராது?

"நான்கும் வேண்டும்" என்பதும் "ஒன்று குறைந்தாலும் வராது" என்பதும் தர்க்கப்படி ஒரே கூற்றின் இரு வடிவங்கள். கணக்குப் பாடத்தில் இதைத் தேவையான நிபந்தனை என்போம். இதைச் சோதிக்க, நான்கையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம்.

முதலாவது இல்லையென்றால், வளத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். கேட்டவுடன் கிடைத்துவிடும், காத்திருப்பே எழாது. படிப்பதற்கு மட்டும் திறந்த ஒரு கோப்பை நூறு ப்ராசஸ்கள் படித்தாலும் அதை வைத்து டெட்லாக் உருவாகாததற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது இல்லையென்றால், காத்திருப்பவர் எவர் கையிலும் எதுவும் இருக்காது. அப்படியானால் அவர்கள் கேட்கும் வளம் காத்திருக்காத ஒருவரிடம் இருந்தாக வேண்டும். அவர் தன் வேலையை முடித்து விட்டுக்கொடுப்பார். மூன்றாவது இல்லையென்றால், சிஸ்டம் ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம். சிபியுவுக்காக எத்தனையோ ப்ராசஸ்கள் போட்டியிட்டும் சிபியுவை வைத்து டெட்லாக் வராதது இதனால்தான். டைமர் இன்டரப்ட் வந்தால் ஷெட்யூலர் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்டிவிடும்.

நான்காவது நீக்கத்தில்தான் உண்மையான நிரூபணம் இருக்கிறது. வட்டம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் ஏதாவது ஒரு ப்ராசஸிலிருந்து தொடங்குங்கள். அது யாருக்காகக் காத்திருக்கிறதோ அதற்குப் போங்கள். அதுவும் காத்திருந்தால் அடுத்ததற்குப் போங்கள். ப்ராசஸ்களின் எண்ணிக்கை முடிவுள்ளது. போன இடத்துக்கே திரும்பி வந்தால் அது வட்டம், வட்டம் இல்லை என்று ஏற்கெனவே வைத்துக்கொண்டோம். ஆகவே சங்கிலி எங்கோ ஓரிடத்தில் முடிய வேண்டும், அதாவது காத்திருக்காத ஒரு ப்ராசஸில் முடிய வேண்டும். அது ஓடி முடித்து வளத்தை விடும், அதற்கு முன்னால் நிற்பவர் எழுவார், இப்படியே சங்கிலி முழுவதும் அவிழும்.

இந்த நிரூபணம் ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது: காத்திருக்காத ப்ராசஸ் என்றாவது ஒரு நாள் வளத்தை விடும். லாக்கை வைத்துக்கொண்டு முடிவில்லாத லூப்பில் சுற்றும் ப்ராசஸ் ஒன்று இருந்தால் மற்றவை எல்லாம் தொங்கிவிடும். ஆனால் அது டெட்லாக் ஆகாது. அங்கே வட்டம் இல்லை, ஒரு பிழையான ப்ராசஸ் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய `top` போதும். லூப்பில் சுற்றுவது சிபியுவைத் தின்றுகொண்டிருக்கும். மியூடெக்ஸுக்காக உறங்கும் த்ரெட்கள் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்கும்.

எனவே முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. மாணவருக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம்.

## "ஒரே நேரத்தில்" என்ற சொல்

அந்த வாக்கியத்தில் நின்று யோசிக்க வேண்டிய சொல் இதுதான். நான்கும் ஒரே தன்மை கொண்டவை இல்லை. இரண்டு மியூடெக்ஸ்களை இரண்டு த்ரெட்கள் எதிரெதிர் வரிசையில் எடுக்கும் இந்தச் சிறு நிரலைப் பாருங்கள்:

```c
/* த்ரெட் 1 */
pthread_mutex_lock(&A);
pthread_mutex_lock(&B);

/* த்ரெட் 2 */
pthread_mutex_lock(&B);
pthread_mutex_lock(&A);
```

வேலை முடிந்ததும் இரண்டும் லாக்குகளை விடுவிக்கும் என்று கொள்வோம். இனி ஒவ்வொரு கணமாகப் பார்க்கலாம்.

1. த்ரெட் 1 மியூடெக்ஸ் A-ஐ எடுக்கிறது.
2. ஷெட்யூலர் அதை நிறுத்திவிட்டு த்ரெட் 2-ஐ ஓட்டுகிறது. அது B-ஐ எடுக்கிறது.
3. த்ரெட் 2 அடுத்து A-ஐக் கேட்கிறது. A த்ரெட் 1-இடம் இருப்பதால் உறங்கப்போகிறது.
4. த்ரெட் 1 மீண்டும் ஓடி B-ஐக் கேட்கிறது. B த்ரெட் 2-இடம் இருக்கிறது. இதுவும் உறங்கிவிடுகிறது.

மியூடெக்ஸ் என்பதே ஒருவர் மட்டும் வைத்திருக்கக்கூடியது, வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாதது. ஆக முதலாவதும் மூன்றாவதும் நிரலை எழுதிய நாளிலிருந்தே உண்மை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்கும் வழக்கமும் நிரலின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த மூன்றும் விதிகள். நான்காவது மட்டும் ஒரு நிகழ்வு. மூன்றாம் படியில்கூட அது இல்லை, ஏனெனில் த்ரெட் 1 இன்னும் எதற்கும் காத்திருக்கவில்லை. நான்காம் படி முடியும் கணத்தில்தான் வட்டம் மூடுகிறது, அந்தக் கணத்தில்தான் டெட்லாக் பிறக்கிறது.

இதே நிரலில் த்ரெட் 1 இரண்டு லாக்குகளையும் தடையின்றி எடுத்து, முடித்து, விட்டபிறகு த்ரெட் 2 தொடங்கினால் ஒன்றும் ஆகாது. லாக்குகளை எடுக்கும் இரண்டு வரிகளுக்கு இடையேயான நேரம் மிகக் குறுகியது. அந்த இடைவெளியில் மற்ற த்ரெட் நுழைந்தால்தான் சிக்கல். சோதனையில் ஆயிரம் முறை சரியாக ஓடிய நிரல், சுமை ஏறிய சர்வரில் தொங்குவது இதனால்தான்.

ஆகவே "என் நிரலில் நான்கு கண்டிஷனும் இருக்கிறது" என்று சொல்வது துல்லியம் இல்லை. நிரலில் இருப்பது மூன்று விதிகளும், வட்டம் உருவாக இடம் தரும் எதிரெதிர் வரிசையும். வட்டம் ஓட்டத்தின் ஒரு கணத்தில் இருப்பது. லினக்ஸ் கெர்னலில் 2006-இல் சேர்ந்த லாக்டெப் என்ற சோதனைக் கருவி இந்த வேறுபாட்டின் மேல்தான் கட்டப்பட்டது. டெட்லாக் நடக்கும்வரை அது காத்திருப்பதில்லை. எந்த லாக்கை வைத்துக்கொண்டு எந்த லாக் எடுக்கப்பட்டது என்ற வரிசையைக் குறித்துக்கொண்டே வரும். A-க்குப் பின் B என்று ஒரு முறையும், B-க்குப் பின் A என்று வேறொரு நாள் வேறொரு த்ரெடில் ஒரு முறையும் பார்த்தால் போதும், இப்படி எச்சரிக்கும்:

```
WARNING: possible circular locking dependency detected
```

அதில் உள்ள `possible` என்ற சொல் வேண்டுமென்றே இடப்பட்டது. வட்டம் வரவில்லை, வரக்கூடும்.

உண்மையிலேயே தொங்கிவிட்ட நிரலில் வட்டத்தைக் கண்ணால் காணவும் முடியும். `gdb`-ஐ இணைத்து `thread apply all bt` கொடுத்தால் இரண்டு த்ரெட்களும் மியூடெக்ஸ் எடுக்கும் அழைப்பில் நிற்பது தெரியும். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான glibc-இல் `p A.__data.__owner` என்றால் A-ஐ வைத்திருக்கும் த்ரெடின் எண் வரும். B-க்கும் அதையே கேட்டு இரண்டு எண்களையும் ஒப்பிட்டால், யார் யாருக்காக நிற்கிறார் என்பது காகிதத்தில் வரைந்தது போல விளங்கிவிடும்.

## மூன்றாவது வாக்கியம்: நான்கும் இருந்தால் வந்தே தீருமா?

மேலே உள்ள மியூடெக்ஸ் நிரலை மட்டும் பார்த்தால் ஆம் என்றுதான் தோன்றும். நான்காவது வந்த கணத்தில் டெட்லாக் வந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு வளமும் ஒன்றே ஒன்று. A என்ற மியூடெக்ஸுக்கு இன்னொரு பிரதி கிடையாது. ஒரே வகையில் பல யூனிட்கள் இருந்தால் கதை மாறும்.

ஒரு சிஸ்டத்தில் பிரிண்டர்கள் இரண்டு, ஸ்கேனர் ஒன்று. எந்தப் பிரிண்டர் கிடைத்தாலும் சரி, இரண்டும் ஒன்றுபோலவே. மூன்று ப்ராசஸ்கள் இப்படி நிற்கின்றன:

- க: ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறது, ஸ்கேனருக்குக் காத்திருக்கிறது.
- ச: ஸ்கேனரை வைத்திருக்கிறது, ஒரு பிரிண்டருக்குக் காத்திருக்கிறது.
- த: மற்றொரு பிரிண்டரை வைத்திருக்கிறது, வேறெதையும் கேட்கவில்லை.

நிபந்தனைகளைச் சரிபார்ப்போம். ஒரு பிரிண்டரை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்துகிறார். க-வும் ச-வும் வைத்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க முடியாது. க காத்திருக்கும் ஸ்கேனர் ச-விடம் உள்ளது, ச காத்திருக்கும் பிரிண்டர் க-விடம் உள்ளது. வட்டமும் இருக்கிறது. நான்கும் ஒரே கணத்தில் உண்மை.

ஆனால் டெட்லாக் இல்லை. த தன் அச்சு வேலையை முடித்துப் பிரிண்டரை விடுகிறது. அது ச-வுக்குப் போகிறது. ச முடித்து ஸ்கேனரை விடுகிறது. அது க-வுக்குப் போகிறது. எல்லோரும் முடித்தாயிற்று. வட்டத்துக்கு வெளியே, கையில் தேவையான வளத்தோடு காத்திருக்காத ஒருவர் நின்றதால் வட்டம் தானாகவே அவிழ்ந்தது.

இப்போது ஒரே ஒரு மாற்றம்: த பிரிண்டரை விடும் முன் ஸ்கேனரையும் கேட்டுவிடுகிறது என்று கொள்வோம். கையில் இருப்பவை எதுவும் மாறவில்லை. ஆனால் காத்திருக்காதவர் இப்போது யாரும் இல்லை. பிரிண்டர்கள் க-விடமும் த-விடமும், ஸ்கேனர் ச-விடமும் சிக்கிவிட்டன. இது முழு டெட்லாக். இரண்டு நிலைகளிலும் நான்கு நிபந்தனைகளும் இருந்தன, முடிவு மட்டும் வேறு. மாணவரின் மூன்றாவது வாக்கியத்தை மறுக்க இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

இரண்டையும் பிரிக்கும் அளவுகோலை ரிச்சர்ட் ஹோல்ட் 1972-இல் வரைபடங்களின் மொழியில் கொடுத்தார். ப்ராசஸ்களும் வளங்களும் புள்ளிகள். காத்திருக்கும் ப்ராசஸிலிருந்து அது கேட்கும் வளத்துக்கும், வளத்திலிருந்து அதை வைத்திருக்கும் ப்ராசஸுக்கும் கோடு போகும். வட்டத்தைவிட வலுவான அமைப்பு ஒன்று உண்டு, அதை நாட், அதாவது முடிச்சு என்பார்கள். ஒரு கூட்டத்தில் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பினாலும் அதே கூட்டத்தின் எல்லாப் புள்ளிகளையும் அடைய முடியும், ஆனால் வெளியே போக வழியே இல்லை என்றால் அது முடிச்சு. முதல் நிலையில் க-விலிருந்து ஸ்கேனர், ச, பிரிண்டர் வழியாக த-வை அடையலாம். த-விலிருந்து எங்கும் போக முடியாது, ஏனெனில் அது எதையும் கேட்கவில்லை. அது ஒரு வெளிவாசல். இரண்டாம் நிலையில் த-விலிருந்தும் ஒரு கோடு ஸ்கேனருக்குப் போகிறது. வாசல் அடைபட்டு வட்டம் முடிச்சாகிவிட்டது.

சிலர் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். "சர்குலர் வெயிட் என்பதையே வெளியிலிருந்து யாரும் அவிழ்க்க முடியாத வட்டம் என்று வரையறுத்தால், நான்கும் இருந்தால் டெட்லாக் என்பது சரியாகிவிடுமே?" சரியாகும்தான். ஆனால் அப்போது நான்காவது நிபந்தனைக்குள்ளேயே டெட்லாக்கை ஒளித்துவைத்துவிட்டோம், மூன்றாவது வாக்கியம் புதிதாக எதையும் சொல்லாது. வழக்கமான வரையறையை வைத்துக்கொண்டு, எல்லையைச் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அப்படித் திருத்தினால் மாணவரின் விடை இப்படி அமையும்: "டெட்லாக் இருக்கும் கணத்தில் நான்கு நிபந்தனைகளும், அதே ப்ராசஸ்களுக்கும் வளங்களுக்கும் இடையே, சேர்ந்தே இருக்கும். ஒன்று இல்லாவிட்டாலும் டெட்லாக் இல்லை. ஒவ்வொரு வகை வளமும் ஒரே ஒரு யூனிட் என்றால் நான்கும் இருப்பதே டெட்லாக்குக்குப் போதும். பல யூனிட்கள் இருந்தால் நான்கும் இருந்தும் டெட்லாக் வராமல் போகலாம்."

"அதே ப்ராசஸ்களுக்கும் வளங்களுக்கும் இடையே" என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். ஒரு மூலையில் வட்டமும் வேறொரு மூலையில் பிடுங்க முடியாத வளமும் இருந்தால் கணக்கில் வராது. பிடுங்கக்கூடிய வளம் வட்டத்தின் ஒரு கண்ணியாக இருந்தால், அந்த இடத்தில் வட்டத்தை அறுத்துவிடலாம்.

## நான்கும் தனித்தனியா?

இல்லை. சர்குலர் வெயிட் இருந்தால் அதில் உள்ள ஒவ்வொருவரும் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார். ஆகவே நான்காவது வந்தால் இரண்டாவது தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. பிறகு ஏன் தனியாகப் பட்டியலிட வேண்டும்? தடுக்கும் வழிகள் வெவ்வேறு என்பதால். ஐபிஎம்மின் ஹேவெண்டர் 1968-இலேயே மூன்று வழிகளைச் சொன்னார்: வேண்டியதையெல்லாம் தொடக்கத்திலேயே ஒன்றாகக் கேட்பது, மறுக்கப்பட்டால் கையில் இருப்பதை விட்டுவிட்டு மறுபடி கேட்பது, வளங்களுக்கு ஒரு நிலையான வரிசை கொடுத்து அந்த வரிசையிலேயே எடுப்பது. முறையே இரண்டாவதையும் மூன்றாவதையும் நான்காவதையும் இவை உடைக்கின்றன. மேலே உள்ள மியூடெக்ஸ் நிரலில் த்ரெட் 2-உம் A-ஐ முதலில் எடுத்தால் போதும், வட்டம் ஒருபோதும் மூடாது.

ஒன்றை உடைத்தால் போதும் என்பது டெட்லாக் வந்தபிறகும் பொருந்தும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இரண்டு ட்ரான்சாக்‌ஷன்கள் அட்டவணையின் இரண்டு வரிசைகளை எதிரெதிர் ஒழுங்கில் அப்டேட் செய்தால் வட்டம் உருவாகும். `deadlock_timeout` அளவு, இயல்பாக 1 விநாடி, ஒரு ட்ரான்சாக்‌ஷன் காத்திருந்தபின் அது வட்டத்தைத் தேடும். கண்டால் ஒரு ட்ரான்சாக்‌ஷனை `deadlock detected` என்ற பிழையோடு ரத்துசெய்து அதன் லாக்குகளைப் பறித்துக்கொள்ளும். அந்த ஒரு விநாடியில் நான்கும் இருந்தன. பின்பு மூன்றாவது உடைந்தது, மற்ற ட்ரான்சாக்‌ஷன் ஓடிவிட்டது. டேட்டாபேஸால் இது முடிவதற்குக் காரணம், பாதியில் நின்ற மாற்றத்தை அதனால் முழுமையாகத் திருப்பிவிட முடியும். சாதாரண மியூடெக்ஸால் முடியாது. பாதி மாற்றப்பட்ட டேட்டா அப்படியே கிடக்கும்.

## முதல் வாக்கியத்துக்கும் ஓர் எல்லை

இதுவரை பேசிய வளங்கள் எல்லாம் எடுத்து, பயன்படுத்தி, திருப்பித் தருபவை. மெசேஜ், சிக்னல் போன்றவை அப்படியில்லை. ஒருவர் உண்டாக்குவார், இன்னொருவர் பயன்படுத்தித் தீர்த்துவிடுவார். ரிச்சர்ட் ஹோல்ட் இந்த இரு வகைகளையும் பிரித்தே பேசினார். காஃப்மன் நிபந்தனைகள் முதல் வகைக்கு எழுதப்பட்டவை.

லினக்ஸில் ஒரு நிரல் `cat`-ஐத் துணை ப்ராசஸாகத் தொடங்கி, 10 எம்பி டேட்டாவை அதன் உள்ளீட்டுப் பைப்பில் எழுதுகிறது, எழுதி முடித்தபின்தான் வெளியீட்டைப் படிக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைப்பின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட். `cat` படித்ததை உடனுக்குடன் வெளியே எழுதும். வெளியீட்டுப் பைப்பை யாரும் படிக்காததால் அது நிரம்பி, `cat` நின்றுவிடும். `cat` படிப்பதை நிறுத்தியதும் உள்ளீட்டுப் பைப்பும் நிரம்பி, தாய் நிரலும் நின்றுவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன, இனி எதுவும் நகராது.

இது மெய்யான டெட்லாக். காத்திருப்பில் வட்டம் உண்டு. ஆனால் அவை காத்திருக்கும் காலியிடத்தை யாரும் கையில் வைத்திருக்கவில்லை, எதிர்ப்பக்கம் படித்தால் அது புதிதாக உண்டாகும். எனவே ஒருவர் மட்டும் வைத்திருப்பது, பிடுங்குவது என்ற சொற்களுக்கு இங்கே நேரடிப் பொருள் இல்லை. லாக் வரிசையைச் சீர்படுத்தும் மருந்தும் இங்கே வேலை செய்யாது. எழுதுவதையும் படிப்பதையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பைத்தானில் `p.stdin.write()` எழுதிவிட்டு `p.stdout.read()` செய்வதற்குப் பதில் `p.communicate()` பயன்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். அது இரண்டு பைப்புகளையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும்.